பில் ஜீரோனாலும் பணம் வரும்: 'ஹாஸ்பிடல் கேஷ்' க்ளைம் பண்ண என்ன சான்று வேணும்? மெடிக்கல் பில் க்ளைமில் இருந்து இது எப்படி வேறுபடுது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. அரசு மருத்துவமனையில் அட்மிட் ஆகி, ஆபரேஷன் முடிந்து, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துட்டார். சிகிச்சைக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் தறி நிற்குது. குழித்தறியில் மிதி மிதிக்கக் கால் வேணும். பாதி நெய்த சேலை தறியிலேயே இருக்கு. சேலை முடிந்தால்தான் கூலி.

சில வருஷத்துக்கு முன்னாடி ஏஜென்ட் சொன்னாரேன்னு எடுத்த ஒரு பாலிசி அவர்கிட்ட இருக்கு. 'மருத்துவமனையில் இருந்தால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்' என்று அதில் போட்டிருக்கு. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்றாங்க: "பில்லே இல்லையே, எதை வச்சு க்ளைம் பண்றது?"

இந்த ஒரு தப்பான எண்ணத்தால் கிடைக்க வேண்டிய பணத்தை நிறைய பேர் கேட்காமலே விட்டுடறாங்க. இந்த வகை பாலிசிக்கு பில் முக்கியமே இல்லை. எப்போ அட்மிட் ஆனீங்க, எப்போ டிஸ்சார்ஜ் ஆனீங்க என்பதுதான் முக்கியம். அதை எப்படி நிரூபிப்பது, கணக்கு எப்படிப் போடுவாங்க, எங்கே சிக்கல் வரும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

ரெண்டும் ஒண்ணு இல்லை

பொதுவாக நாம் 'மெடிக்கல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது, ஆன செலவைத் திருப்பித் தரும் பாலிசி. மருத்துவமனைக்கு 40,000 ரூபாய் கட்டியிருந்தால், விதிமுறைப்படி கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியைத் தருவாங்க. செலவே ஆகலைன்னா தருவதற்கு எதுவும் இல்லை. செலவை விட ஒரு ரூபாய் கூட அதிகமாகவும் தர மாட்டாங்க.

ஹாஸ்பிடல் கேஷ், அதாவது தினசரி மருத்துவமனைப் பணம், வேறு மாதிரி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பாலிசி எடுக்கும்போதே தொகையை முடிவு பண்ணிடுவாங்க. நீங்கள் உள்நோயாளியாக எத்தனை நாள் இருந்தீங்களோ, அத்தனை நாளுக்கு அந்தத் தொகை. பில் 2 லட்சமா, 2,000மா, இல்லை ஜீரோவா என்பதை இதில் பார்ப்பதில்லை. அந்தப் பணத்தை மருந்துக்குத்தான் செலவு பண்ணணும் என்ற கட்டாயமும் கிடையாது. வேலை நின்றுபோன நாட்களுக்கு வீட்டுச் செலவைச் சமாளிக்கத்தான் இது.

கொரோனா காலத்தில் இந்த ரெண்டையும் ஒரே பாலிசிக்குள் பார்த்தோம். 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' பாலிசியின் அடிப்படைப் பகுதி ஆஸ்பத்திரிச் செலவைத் தந்தது. கூடுதல் பிரீமியம் கட்டினால் ஹாஸ்பிடல் கேஷும் சேர்த்துக்கலாம். காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 15 நாள். 2 லட்சத்துக்கு எடுத்தவருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். ஆஸ்பத்திரி பில் தொகை தனி, இந்த 1,000 தனி.

இலவச சிகிச்சை எடுத்தாலும் கேட்கலாமா?

கேட்கலாம். காஞ்சிபுரம் மாதிரி ஊரில் இதுதான் ரொம்ப முக்கியமான விஷயம். இங்கே பலர் அரசு மருத்துவமனைக்குப் போறாங்க. இல்லைன்னா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வைத்து, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை எடுக்கிறாங்க. ரெண்டு இடத்திலும் குடும்பம் பில் கட்டுவதில்லை.

அதனால் செலவைத் திருப்பித் தரும் பாலிசி இருந்தால் அங்கே கேட்க ஒன்றும் இருக்காது. ஹாஸ்பிடல் கேஷ் பாலிசிக்கு அந்தத் தடை கிடையாது. சிகிச்சைச் செலவை அரசு ஏற்றுக்கொண்டாலும், நீங்கள் படுக்கையில் இருந்த நாட்கள் உங்களுடைய நாட்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. ஹாஸ்பிடல் கேஷைத் தனி பாலிசியாக எடுக்காமல், மெடிக்கல் பாலிசியோடு கூடுதல் வசதியாகச் சேர்த்து எடுத்தவங்களும் இருக்காங்க. அதில் சில பாலிசிகளில், 'முதன்மை பாலிசியில் ஆஸ்பத்திரி க்ளைம் ஏற்கப்பட்டால் மட்டுமே தினசரிப் பணம்' என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையது தனியா, சேர்த்து எடுத்ததா என்று முதலில் பார்த்துடுங்க.

6 நாளா, 3 நாளா? கணக்கு இப்படித்தான்

நம்ம நெசவாளர் கணக்குக்கு வருவோம். திங்கட்கிழமை மதியம் 3.40 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனாங்க. எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, மாலை 6.30 மணிக்கு வார்டில் உள்நோயாளியாகச் சேர்த்தாங்க. சனிக்கிழமை காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வீட்டுக் கணக்குப்படி 6 நாள், 6,000 ரூபாய். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி காலண்டரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கும்.

முதல் விஷயம், கணக்கு தொடங்குவது 3.40க்கு இல்லை, 6.30க்கு. உள்நோயாளியாகப் பதிவு ஆன நேரம்தான் அட்மிஷன் நேரம். அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்த நேரம் இதில் சேராது.

ரெண்டாவது, தொடர்ச்சியான 24 மணி நேரம்தான் ஒரு நாள். திங்கள் மாலை 6.30ல் இருந்து வெள்ளி மாலை 6.30 வரை எண்ணினால் நாலு முழு நாள். வெள்ளி மாலையில் இருந்து சனி காலை 11 வரை பதினாறரை மணி நேரம்தான் இருக்கு. முழு 24 மணி நேரத்துக்கு மட்டும் பணம் தரும் பாலிசியில் அது கணக்கில் வராது. சில பாலிசிகளில் மீதமிருக்கும் மணி நேரத்தையும் ஒரு நாளாக எடுத்துக்குவாங்க.

மூணாவது, முதல் நாள் கழிவு. பல பாலிசிகளில் முதல் 24 மணி நேரத்துக்குப் பணம் கிடையாது. எல்ஐசியின் 'ஜீவன் ஆரோக்யா' பாலிசியிலும் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகான நாட்களில் இருந்துதான் தினசரிப் பணம் தொடங்கும். ஐசியூவில் இருக்கும் நாட்களுக்கு அதே பாலிசியில் ரெண்டு மடங்கு.

நம்ம உதாரணத்தில் உள்ள பாலிசி, முழு 24 மணி நேரத்தை மட்டும் எண்ணும், முதல் நாளைக் கழிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒன்று போனால் மூன்று நாள். கைக்கு வருவது 3,000 ரூபாய். 6,000 எதிர்பார்த்தவருக்கு 3,000 வந்தால் ஏமாத்திட்டாங்கன்னு தோணும். இங்கே கம்பெனி ஏமாற்றலை, பாலிசியில் எழுதியிருக்கும் கணக்கே அதுதான். பாலிசி எடுக்கும்போதே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய ரெண்டு கேள்வி இதுதான்: முதல் நாளுக்குப் பணம் உண்டா? வருஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள்?

அட்மிட் ஆனதுக்கு என்ன சான்று?

பில் க்ளைமில் ரூபாயை நிரூபிக்கணும். இதில் நேரத்தை நிரூபிக்கணும். அதனால் முக்கியமான காகிதம் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் நோயாளி பெயர், வயது, உள்நோயாளி எண், என்ன நோய், என்ன சிகிச்சை, அட்மிட் ஆன தேதியும் நேரமும், டிஸ்சார்ஜ் ஆன தேதியும் நேரமும் இருக்கணும்.

சிக்கல் இங்கேதான் வரும். கூட்டமாக இருக்கும் வார்டில் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி மட்டும் இருக்கும், நேரம் இருக்காது. தனியார் மருத்துவமனை என்றால் ஃபைனல் பில்லில் மணி, நிமிஷம் வரை அச்சாகியிருக்கும். அரசு மருத்துவமனையில் அந்த பில்லே கிடையாது. நேரம் இல்லாத சீட்டைக் கொடுத்தால், 24 மணி நேரம் இருந்ததற்கு ஆதாரம் கேட்டு கம்பெனி கடிதம் அனுப்பும். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக அலைவது கஷ்டம். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே பாருங்க. நேரம் இல்லைன்னா, "சார், இன்சூரன்ஸுக்கு வேணும், அட்மிஷன் டைமும் டிஸ்சார்ஜ் டைமும் எழுதி சீல் வச்சுக் கொடுங்க" என்று அங்கேயே கேட்டு வாங்கிடுங்க.

அடுத்தது க்ளைம் ஃபார்ம். மெடிக்கல் இன்சூரன்ஸ் க்ளைம் ஃபார்ம் ரெண்டு பகுதியாக இருக்கும். ஏ பகுதியை நீங்கள் நிரப்பணும். பி பகுதியை மருத்துவமனை நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரணும். ஏ பகுதியில் சிகிச்சைச் செலவுக்கு ஒரு இடம், தினசரிப் பணம் மாதிரியான நிலையான தொகைக்கு இன்னொரு இடம் என்று தனித்தனியாக இருக்கும். செலவுக் கட்டத்தைக் காலியாக விட்டுட்டு 'ஹாஸ்பிடல் டெய்லி கேஷ்' என்ற வரியில் தொகையை எழுதணும். இதைக் கவனிக்காமல் செலவுக் கட்டத்தில் எழுதினால், பில் எங்கே என்ற கேள்விதான் திரும்பி வரும்.

பி பகுதியில் அட்மிஷன் நேரம், உள்நோயாளி எண், மருத்துவமனையில் எத்தனை படுக்கை, ஆபரேஷன் தியேட்டர் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் நேரம் விட்டுப்போயிருந்தாலும், பி பகுதியில் அது சரியாக நிரப்பப்பட்டிருந்தால் கைகொடுக்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்த டாக்டரையோ, ஆர்எம்ஓ எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரையோ பார்த்துக் கேளுங்க.

இவற்றோடு அடையாள அட்டை, பாலிசி நகல், வங்கிக் கணக்கு விவரம், எக்ஸ்ரே மற்றும் டெஸ்ட் ரிப்போர்ட் வைக்கணும். விபத்து என்றால், அரசு மருத்துவமனையில் பதிவு செய்யும் ஏஆர் எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலையும் வாங்கிடுங்க.

கம்பெனி இன்னும் சந்தேகப்பட்டால் கேஸ் ஷீட் நகல் கேட்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தது, நர்ஸ் ஊசி போட்டது, ட்ரிப்ஸ் ஏற்றியது எல்லாம் நேரத்தோடு அதில்தான் பதிவாகியிருக்கும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தரணும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்லுது. உள்நோயாளி பதிவுகளை 3 வருஷம் பாதுகாக்கணும் என்பதும் அதே விதியில் இருக்கு. வாய்வார்த்தையாகக் கேட்காமல், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்க.

ரெண்டு பாலிசியும் இருந்தால்?

நெசவாளரின் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், அந்தக் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் அப்பா, அம்மாவும் சேர்ந்திருக்காங்க என்று வைத்துக்கொள்வோம். அப்பாவைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்து 62,000 ரூபாய் பில் ஆகுது. இப்போ ரெண்டு இடத்திலும் கேட்கலாமா? கேட்கலாம்.

ஒரே பில்லை ரெண்டு மெடிக்கல் பாலிசியில் போட்டு ரெண்டு முறை பணம் வாங்க முடியாது. ஆனால் ஹாஸ்பிடல் கேஷ் பில்லுக்கான பணம் இல்லை என்பதால், குரூப் இன்சூரன்ஸ் பில்லைக் கொடுத்தாலும் தினசரித் தொகை குறையாது. ரெண்டு ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி இருந்தால்கூட, ரெண்டும் தனித்தனியாகத் தரணும். பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே வேறு பாலிசி இருக்கான்னு கேட்டிருந்தால், அதை மறைக்காமல் சொல்லியிருக்கணும்.

இங்கே ஒரே குழப்பம் ஒரிஜினல் காகிதம் எங்கே போகணும் என்பதுதான். பில் பணம் தரும் கம்பெனி ஒரிஜினல் பில், ஒரிஜினல் ரசீது கேட்கும். அதை வேறு இடத்தில் கொடுத்து மறுபடி பணம் வாங்கிடக் கூடாதுன்னுதான். ஹாஸ்பிடல் கேஷுக்குப் பெரும்பாலும் மருத்துவமனை சான்றளித்த நகலே போதும். அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே எல்லாவற்றையும் ரெண்டு செட் நகல் எடுத்து, மருத்துவமனை முத்திரை வாங்கிடுங்க. ஒரிஜினலை குரூப் இன்சூரன்ஸுக்கும் நகலை ஹாஸ்பிடல் கேஷுக்கும் கொடுங்க. கேட்டால், முதல் கம்பெனி தந்த செட்டில்மென்ட் கடிதத்தையும் இணைக்கலாம்.

எங்கே கிடைக்காது?

மேலே பார்த்ததற்கு நேர் எதிரான ஒரு உதாரணம், கண்புரை ஆபரேஷன். ஜரிகையும் பட்டு இழையும் பார்த்து வேலை செய்யும் நெசவாளர்கள் பார்வை மங்கினால் தள்ளிப்போட முடியாத சிகிச்சை இது. காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துடலாம். 24 மணி நேரம் ஆகாத இந்த மாதிரி சிகிச்சையை 'டே கேர்' என்று மெடிக்கல் பாலிசி ஏற்றுக்கும். ஆனால் ஹாஸ்பிடல் கேஷில், டே கேருக்கும் பணம் உண்டு என்று தனியாக எழுதியிருந்தால் தவிர, ஒரு ரூபாய் கிடைக்காது. பில் இருக்கு, நாள் இல்லை.

அடுத்து, டெஸ்ட் எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆவது. 'ரெண்டு நாள் படுத்தீங்கன்னா இன்சூரன்ஸில் வாங்கிக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பரிசோதனைக்காகவோ ஓய்வுக்காகவோ மட்டும் சேர்ந்தால் பணம் இல்லை என்பது பாலிசிகளில் வழக்கமான விதிவிலக்கு. வெறும் மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்த்திருக்கக்கூடிய காய்ச்சலுக்கு 3 நாள் அட்மிஷன் காட்டினால், 'சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை' என்று கம்பெனி நிராகரிக்கும். உண்மையாகவே அவசியம் இருந்திருந்தால் அதற்குச் சாட்சி கேஸ் ஷீட்தான்.

மூணாவது, மருத்துவமனையின் தகுதி. பதிவு செய்த மருத்துவமனையாக இருக்கணும். பதிவு இல்லைன்னா, 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் இருக்கணும் என்பது பாலிசிகளில் உள்ள பொதுவான வரையறை. நாலு கட்டில் போட்ட கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு ரெண்டு நாள் இருந்தது இதில் வராது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால், தறி ரெண்டு மாசம் நின்றாலும் ஹாஸ்பிடல் கேஷ் கிடையாது. அதேபோல் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டில் ஓய்வெடுக்கும் வாரங்களுக்கும் கிடையாது. இந்த நெசவாளருக்கு வேலை நிற்பது பல வாரம், பணம் வருவது 3 நாளுக்கு. இந்தப் பாலிசியின் எல்லை அவ்வளவுதான் என்று தெரிந்தே எடுக்கணும்.

நாலாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த உடனே வரும் நோய்க்குப் பணம் கிடையாது. எவ்வளவு நாள் என்பது பாலிசிக்கு பாலிசி மாறும். விபத்துக்கு மட்டும் பொதுவாக இந்தக் காத்திருப்பு இல்லை.

மறுத்துட்டாங்க, என்ன பண்ணலாம்?

அட்மிட் ஆன உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லணும், டிஸ்சார்ஜ் ஆனதும் பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் காகிதம் கொடுக்கணும். ஏதோ காரணத்தால் தாமதமாகிட்டா, காரணத்தை எழுதிக் கொடுங்க. நியாயமான காரணம் இருக்கும்போது, தாமதத்தை மட்டும் காட்டி க்ளைமை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கு.

மறுப்புக் கடிதம் வந்தால், பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தாங்க என்று அதில் பாருங்க. 'பில் இணைக்கவில்லை' என்று மட்டும் இருந்தால், இது செலவு க்ளைம் இல்லை, தினசரிப் பண க்ளைம் என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம்.

ஒரு மாதம் வரை பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லைன்னா, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கு. cioins.co.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த தேதியில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போகணும்.

3,000 ரூபாய்க்கு இவ்வளவு அலையணுமா என்று தோணலாம். காகிதம் சரியா இருந்தால் அலையவே வேண்டாம். அதனால் வீட்டில் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது, வார்டை விட்டு வெளியே வரும் முன் சீட்டில் மூன்றை மட்டும் பாருங்க: அட்மிட் ஆன நேரம், டிஸ்சார்ஜ் ஆன நேரம், மருத்துவமனை முத்திரை. மூன்றும் இருந்தால், பில் ஜீரோவாக இருந்தாலும் நீங்கள் தாராளமாக க்ளைம் பண்ணலாம்.